பார்த்தவர்கள் 49%, பார்க்காதவர்கள் 40%: இடையிலுள்ள 9 புள்ளி விளம்பரத்தினுடையதா?

ஒரு நல்லெண்ணெய் பிராண்ட், தீபாவளிக்கு முந்தைய ஐந்து வாரம் யூடியூபில் வீடியோ விளம்பரம் ஓட்டியது என்று வைத்துக்கொள்வோம். செலவு 18 லட்சம் ரூபாய். குறிவைத்தது 30 லட்சம் பேரை. அவர்களில் விளம்பரம் உண்மையில் போய்ச் சேர்ந்தது 20 லட்சம் பேருக்கு. இவர்களைத் தவிர, அதே வகை ஆட்களில் ஒரு சிறு பகுதியினரைக் குலுக்கல் முறையில் எடுத்து, விளம்பரமே காட்டாமல் ஒதுக்கியும் வைத்தார்கள். எண்கள் எல்லாம் கணக்கு விளங்குவதற்காக நான் வைத்தவைதான். ஆனால் கேட்கப்படும் கேள்வி எல்லா இடத்திலும் ஒன்றே: இந்த விளம்பரத்தால் பிராண்டைத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் கூடினார்கள்?

இதற்கு மூன்று வழியில் விடை தேடலாம். ஒரே விளம்பரம், ஒரே மக்கள். மூன்று வழியும் மூன்று விடை தரும்.

விளம்பரத்துக்கு முன்பு கேட்டபோது 38% பேர் பிராண்டைத் தெரியும் என்றார்கள், முடிந்த பிறகு 46% பேர். உயர்வு 8 புள்ளி. விளம்பரம் பார்த்தவர்களையும் பார்க்காதவர்களையும் தனித்தனியே கேட்டால் 49%, 40%. உயர்வு 9 புள்ளி. குறிவைத்த குழு முழுவதையும், குலுக்கலில் ஒதுக்கிய கன்ட்ரோல் குழுவையும் ஒரே நாட்களில் கேட்டால் 46%, 43%. உயர்வு 3 புள்ளி.

மூன்றில் எதற்குப் பணம் கொடுப்பது, எதை நம்பி அடுத்த பட்ஜெட்டை முடிவு செய்வது என்பதுதான் இங்கே பேச்சு.

முன்பும் பின்பும் கேட்பது

மூன்றில் மலிவானது இது. ஆராய்ச்சி நிறுவனத்திடம் சொன்னால் இரண்டு முறை ஆயிரம் பேரைக் கேட்டுக் கொடுத்துவிடுவார்கள். குறை என்னவென்றால், இடையில் ஓடிய ஐந்து வாரத்தில் விளம்பரம் மட்டுமா நடந்தது? தீபாவளிப் பலகாரத்துக்கும் எண்ணெய்க் குளியலுக்கும் வீடுகளில் எண்ணெய் பற்றிய பேச்சு வரும். கடைக்காரர் பாட்டில்களை முன்வரிசையில் அடுக்குவார். போட்டி பிராண்டுகளும் விளம்பரம் போடுவார்கள், அதைப் பார்க்கும்போது இந்தப் பெயரும் நினைவுக்கு வரும். நம் எடுத்துக்காட்டில் விளம்பரமே காட்டாத கன்ட்ரோல் குழுகூட 38-லிருந்து 43-க்கு ஏறியிருக்கிறது. அந்த 5 புள்ளி பண்டிகையுடையது, கடையுடையது. 8 புள்ளி என்று அறிக்கை சொல்வதில் பாதிக்கு மேல் விளம்பரத்துக்குச் சொந்தமில்லை.

இது எதிர்ப்பக்கமும் நடக்கும். பண்டிகை முடிந்து தை மாதத்தில் ஓட்டிய நல்ல விளம்பரம், முன்பின் கணக்கில் பூஜ்யமாகத் தெரியலாம். எல்லா பிராண்டும் இறங்கும்போது இது மட்டும் இறங்காமல் நின்றதே அதன் வெற்றி. ஆனால் இந்த முறையில் அது கண்ணுக்கே படாது.

டிவி, சுவரொட்டி, பேருந்து விளம்பரம் போன்றவற்றில் ஆளாளாகக் குலுக்கிப் பிரிக்க முடியாது. அங்கே இந்த முறையைச் சற்றுத் திருத்தியாவது பயன்படுத்தலாம். சில மாவட்டங்களில் ஓட்டி, ஒத்த தன்மையுள்ள வேறு சில மாவட்டங்களில் ஓட்டாமல் விட்டு, இரண்டு பக்கமும் முன்பும் பின்பும் கேட்டு, ஓட்டிய பக்கத்தின் ஏற்றத்திலிருந்து ஓட்டாத பக்கத்தின் ஏற்றத்தைக் கழிக்க வேண்டும். பக்கத்துக்கு ஒரே மாவட்டம் போதாது. அந்த ஒரு மாவட்டத்தில் வெள்ளம் வந்தாலோ புதிய கடைச் சங்கிலி திறந்தாலோ கணக்கு கெட்டுவிடும். இன்னொன்றும் உண்டு. நான்கு சர்வேயின் பிழையும் இதில் சேர்ந்துகொள்வதால், ஒவ்வொன்றிலும் 1,000 பேரைக் கேட்டாலும் விடையில் 6 புள்ளி கூடக்குறைய இருக்கும். 3 புள்ளி உயர்வைத் தேடுபவருக்கு இது உதவாது.

பார்த்தவரையும் பார்க்காதவரையும் ஒப்பிடுவது

அறிக்கைகளில் மிக அழகாகத் தெரிவது இந்த எண்தான். அதனாலேயே இதில் அதிக எச்சரிக்கை வேண்டும் என்பேன்.

விளம்பரம் யாருக்குப் போய்ச் சேருகிறது? அதிக நேரம் வீடியோ பார்ப்பவருக்கு. சமையல் வீடியோக்களைத் தேடிப் பார்ப்பவருக்கு. இணையத்தில் மளிகை வாங்குபவருக்கு. விளம்பரத் தளத்தின் வேலையே யார் பார்ப்பார்கள், யார் கவனிப்பார்கள் என்று கணித்து அவர்களிடம் காட்டுவது. அப்படிப்பட்டவருக்கு எண்ணெய் பிராண்டுகளின் பெயர் முதலிலேயே கூடுதலாகத் தெரிந்திருக்கும். யாகூவில் பணியாற்றிய ராண்டல் லூயிஸ், ஜஸ்டின் ராவ், டேவிட் ரைலி ஆகியோர் 2011-இல் இதை விளக்கினார்கள்: ஒரு நாளில் விளம்பரத்தைப் பார்த்தவர்கள் அன்று இணையத்தில் எல்லாவற்றையுமே கூடுதலாகச் செய்தவர்கள், அதனால் பார்த்தவரையும் பார்க்காதவரையும் வெறுமனே ஒப்பிட்டால் விளம்பரத்தின் பலன் ஊதிப்பெருகித் தெரியும்.

நம் எண்களைக் கொண்டே ஊதல் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கலாம். குறிவைத்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு விளம்பரம் போய்ச் சேர்ந்தது. அவர்களில் 49% பேருக்கும், சேராத மூன்றில் ஒரு பங்கில் 40% பேருக்கும் பிராண்ட் தெரியும். மொத்தமாகக் கூட்டினால் 46%. கன்ட்ரோல் குழுவிலும் இதே இரண்டு வகை ஆட்கள் இதே விகிதத்தில் இருக்கிறார்கள். குலுக்கல் அதைத்தான் உறுதி செய்கிறது. அங்கே மொத்தம் 43%. அதில் விளம்பரம் எப்படியும் சேர்ந்திருக்காத மூன்றில் ஒரு பங்குக்கு 40% என்று வைத்தால், காட்டியிருந்தால் பார்த்திருக்கக்கூடிய மூன்றில் இரண்டு பங்குக்கு 44.5% வருகிறது. அதாவது, விளம்பரம் பார்க்கக்கூடிய வகை ஆட்களுக்கு, அதைப் பார்க்காமலே 44.5% அளவுக்குப் பெயர் தெரிந்திருந்தது. விளம்பரம் அதை 49-க்கு ஏற்றியது. உண்மைப் பலன் 4.5 புள்ளி. மீதி 4.5 ஆள் வேறுபாடு.

வயது, பாலினம், ஊர் ஆகியவற்றைச் சரிசமமாக்கிவிட்டோம் என்று ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும். சொல்வது உண்மையாகவே இருக்கும். ஆனால் 35 வயது மதுரைப் பெண் இருவரில் ஒருவர் தினமும் இரண்டு மணி நேரம் சமையல் வீடியோ பார்ப்பவர், மற்றவர் பார்க்காதவர் என்பது அந்தச் சமன்பாட்டில் பிடிபடாது. இந்த முறையில் வந்த அறிக்கை கையில் இருந்தால் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். விளம்பரம் தொடவே முடியாத ஒரு கேள்வியில், உதாரணமாக விளம்பரத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு சோப்பு பிராண்டின் பெயர் தெரியுமா என்பதில், இரண்டு குழுவும் எப்படி விடை சொல்கின்றன? அங்கும் பார்த்தவர்கள் பக்கம் 4, 5 புள்ளி கூடுதலாக இருந்தால், எண்ணெயில் தெரியும் உயர்விலும் அவ்வளவு ஆள் வேறுபாடு கலந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

குலுக்கல் கன்ட்ரோல்

யூடியூப், மெட்டா போன்ற தளங்கள் தரும் பிராண்ட் லிஃப்ட் சர்வே இந்த வகை. சந்தேகமில்லாமல் மூன்றில் இதுதான் சிறந்தது. ஆனாலும் அறிக்கையைப் படிக்கும்போது முதலில் ஒன்றைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்: உயர்வு யாரிடையே அளக்கப்பட்டது? சில அளவீடுகள், விளம்பர ஏலத்தில் நம் விளம்பரம் காட்டப்படும் தருணத்தில் ஆளைக் கன்ட்ரோலுக்கு ஒதுக்குகின்றன. அங்கே இரண்டு குழுவிலும் இருப்பவர்கள் விளம்பரம் சேரக்கூடிய ஆட்கள் மட்டுமே. நம் எடுத்துக்காட்டில் அந்த முறை 4.5 காட்டும். வேறு சில, ஆட்களை முன்கூட்டியே இரண்டாகப் பிரித்துவிட்டு, விளம்பரம் போய்ச் சேராதவர்களையும் சேர்த்துக் கேட்கின்றன. அது 3 காட்டும். இரண்டுமே சரி. ஆனால் ஒரு தளத்தின் 4.5-ஐயும் மற்றொன்றின் 3-ஐயும் பக்கத்தில் வைத்து முன்னது சிறந்த தளம் என்று முடிவு செய்வது தவறு.

கூடுதலாகத் தெரிந்துகொண்டவர்களின் எண்ணிக்கையைக் கணக்கிடும்போதும் இந்தக் கவனம் வேண்டும். 3 புள்ளியை 30 லட்சத்தால் பெருக்கினால் 90,000 பேர். 4.5 புள்ளியை 20 லட்சத்தால் பெருக்கினாலும் 90,000 பேர். ஆளுக்கு 20 ரூபாய் செலவு. 3 புள்ளியை 20 லட்சத்தால் பெருக்கி 60,000 என்று எழுதினால் விளம்பரத்துக்கு அநியாயம், 4.5-ஐ 30 லட்சத்தால் பெருக்கினால் வாடிக்கையாளருக்கு அநியாயம்.

கன்ட்ரோல் குழுவும் முழுக்கத் தூய்மையாக இருக்காது. ஒரே ஃபோனை அம்மாவும் மகளும் பயன்படுத்தினால், பார்த்தவர் ஒருவர், சர்வேக்கு விடை சொல்பவர் இன்னொருவர். கன்ட்ரோலில் உள்ளவர் வீட்டு டிவியில் வேறொரு கணக்கில் அதே விளம்பரத்தைப் பார்த்திருக்கலாம். இவை எல்லாம் உயர்வைக் குறைத்தே காட்டும். அதே நேரத்தில் டிவியிலும் விளம்பரம் ஓடினால் இரண்டு குழுவும் அதைப் பார்க்கும். அப்போது கிடைக்கும் 3 புள்ளி, டிவிக்கு மேல் யூடியூப் சேர்த்த கூடுதல் மட்டுமே.

எத்தனை பேர் விடை சொன்னார்கள்

மேலே சொன்ன 3 புள்ளியை நம்பலாமா என்பது விடை சொன்னவர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. காட்டப்பட்ட விளம்பரங்களின் எண்ணிக்கையோ, சர்வே எத்தனை பேர் திரையில் வந்தது என்பதோ இதில் கணக்கில்லை. பலர் கேள்வியைத் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். இரண்டு குழுவின் சதவீதம் p1, p2 என்றும் விடை சொன்னவர்கள் n1, n2 என்றும் கொண்டால் பிழை வரம்பு இது:

```
±1.96 × sqrt( p1(1-p1)/n1 + p2(1-p2)/n2 )
```

46%, 43% என்ற விடைகளைக் குழுவுக்கு 1,000 பேரிடமிருந்து பெற்றிருந்தால் வரம்பு 4.4 புள்ளி. உயர்வு 3 என்பது −1.4-லிருந்து 7.4 வரை எதுவாகவும் இருக்கலாம். குழுவுக்கு 4,000 பேர் என்றால் வரம்பு 2.2, உயர்வு 0.8-க்கும் 5.2-க்கும் இடையில். பூஜ்யத்தைத் தாண்டிவிட்டது. ஆனாலும் ஆளுக்கு 20 ரூபாய் என்ற எண் இப்போது 11.50-லிருந்து 75 ரூபாய் வரை நீள்கிறது. அறிக்கையின் முதல் பக்கத்தில் 20 என்று மட்டும் எழுதியிருந்தால், இந்த நீளத்தையும் கேட்டு வாங்குங்கள்.

சர்வே தொடங்கும் முன்பே எத்தனை பேர் தேவை என்று கணிக்க ஒரு சுருக்கு வழி உண்டு. p என்பது எதிர்பார்க்கும் அடிப்படைச் சதவீதம், d என்பது பிடிக்க விரும்பும் உயர்வு, இரண்டும் தசமத்தில்.

```
n = 16 × p × (1-p) / d²
```

இது, உண்மையிலேயே அந்த உயர்வு இருந்தால் ஐந்தில் நான்கு முறை பிடிபடும் அளவுக்கு ஒரு குழுவுக்கு வேண்டிய எண்ணிக்கை. நம் எண்ணெய்க்கு 3 புள்ளியைப் பிடிக்க ஏறத்தாழ 4,400 பேர். 2 புள்ளி போதும் என்றால் 10,000-ஐ நெருங்கிவிடும். பாதி உயர்வைப் பிடிக்க நான்கு மடங்கு ஆள் வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

சிறிய சர்வேயில் ஒளிந்திருக்கும் ஆபத்து, உயர்வு பிடிபடாமல் போவது மட்டுமில்லை. குழுவுக்கு 1,000 பேர் வைத்து, உண்மை உயர்வு 3 ஆக இருந்தால், நாலு முறையில் ஏறத்தாழ ஒரு முறைதான் அறிக்கை 'உயர்வு உறுதி' என்று சொல்லும். அந்த ஒரு முறையும் எண் 4.4-க்கு மேல் வந்தால்தான் அப்படிச் சொல்ல முடியும். ஆகவே சிறிய சர்வேயில் வெற்றி என்று வரும் எண், உண்மையைவிடப் பெரிதாகவே இருக்கும். அதை அடுத்த ஆண்டு இலக்காக வைத்தவர்கள், அடுத்த சர்வேயில் 'இறங்கிவிட்டது' என்று பதறுவார்கள். இறங்கவில்லை, முதலிலேயே அவ்வளவு ஏறியிருக்கவில்லை.

கன்ட்ரோல் குழுவைச் சிறிதாக வைப்பது வழக்கம், ஏனென்றால் அவர்களுக்கு விளம்பரம் காட்ட முடியாது. மொத்தம் 8,000 பேரில் 6,200 ஒரு பக்கமும் 1,800 கன்ட்ரோலும் என்றால் வரம்பு 2.6. சரிபாதியாக இருந்தால் 2.2. சிறிய குழுதான் துல்லியத்தைத் தீர்மானிக்கிறது, எனவே அறிக்கையில் முதலில் அந்த எண்ணைத் தேடுங்கள். வரம்பு 95% உறுதிக்கா 90% உறுதிக்கா என்பதையும் பாருங்கள். 90% என்றால் வரம்பு குறுகித் தெரியும், தற்செயலான வெற்றிகள் இருமடங்காகும்.

வீடியோ அ-வா, ஆ-வா

பெரும்பாலும் சர்வே எடுப்பதே இந்த முடிவுக்குத்தான். நம் எடுத்துக்காட்டில் குறிவைத்த குழுவின் 4,000 பேரில் பாதிப் பேர் பாட்டி பேசும் வீடியோவுக்கும், பாதிப் பேர் செக்கில் எள் ஆட்டும் வீடியோவுக்கும் ஒதுக்கப்பட்டார்கள் என்போம். கன்ட்ரோல் 43%. பாட்டி வீடியோ 47.5%, செக்கு வீடியோ 44.5%. முதலாவதின் உயர்வு 4.5, வரம்பு 2.7, பூஜ்யத்தைத் தாண்டுகிறது. இரண்டாவதின் உயர்வு 1.5, வரம்பு 2.7, தாண்டவில்லை. அறிக்கையில் ஒன்று பச்சை, மற்றொன்று சாம்பல் நிறம். செக்கு வீடியோவை நிறுத்திவிடலாம் என்று கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டுவார்கள்.

ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இரண்டு வீடியோவுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் உறுதியா? அது 3 புள்ளி. அதன் வரம்பு 3.1. −0.1-லிருந்து 6.1 வரை. இரண்டும் சமம் என்ற வாய்ப்பை இது இன்னும் விலக்கிவிடவில்லை. பாட்டி வீடியோ பக்கம் சாய்வு இருக்கிறது, ஆகவே பட்ஜெட்டில் கூடுதல் பங்கை அதற்குத் தருவது நியாயமே. செக்கு வீடியோவுக்குச் சக்தி இல்லை என்று முத்திரை குத்தி, எடுத்த குழுவைக் குறை சொல்வது நியாயமில்லை.

இந்த ஒப்பீடும் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. யாருக்கு எந்த வீடியோ என்பதையும் குலுக்கல் முடிவு செய்திருக்க வேண்டும். தளமே அதிகம் பார்க்கப்படும் வீடியோவைப் பார்த்துப் பார்த்துத் திருப்பிவிடும் அமைப்பில் ஓடியிருந்தால், இரண்டு வீடியோவும் வேறு வேறு ஆட்களைச் சந்தித்திருக்கும். மேலே பார்த்த அதே ஆள் வேறுபாடு இங்கே திரும்பி வந்துவிடும். வயது, ஊர், பாலினம் என்று பத்துத் துண்டாக நறுக்கிப் பார்ப்பதிலும் இப்படித்தான்: விளம்பரத்துக்குப் பலனே இல்லாவிட்டாலும், பத்தில் ஒரு துண்டாவது 'மாற்றம் உறுதி' என்று காட்ட 40% வாய்ப்பு உண்டு.

எந்தக் கேள்வியைக் கேட்டார்கள்

'இந்த விளம்பரத்தைச் சமீபத்தில் பார்த்த நினைவு இருக்கிறதா?' என்பது எளிதில் உயரும் கேள்வி. காட்டிய பொருளைக் காட்டினார்களா என்று கேட்பது அது. வீடியோ கண்ணில் பட்டதா என்பதற்குச் சான்று, அவ்வளவே. 'கீழ்க்கண்ட நல்லெண்ணெய்களில் எந்தெந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்?' என்று பட்டியல் கொடுத்துக் கேட்பதுதான் அறிமுகக் கேள்வி. நினைவுக் கேள்வியில் 12 புள்ளியும் அறிமுகத்தில் 3 புள்ளியும் வந்தால், அறிக்கையின் தலைப்பில் 12-தான் இருக்கும். முடிவை 3-ஐ வைத்து எடுங்கள்.

எல்லா பிராண்டுக்கும் அறிமுகக் கேள்வி பொருந்தாது. ஏற்கெனவே 88% பேருக்குத் தெரிந்த பிராண்டுக்கு ஏறுவதற்கு இடமே 12 புள்ளிதான். அத்தகைய பிராண்ட் 'அடுத்த முறை எதை வாங்கலாம் என்று நினைக்கிறீர்கள்?' என்பதைக் கேட்க வேண்டும். 6%-லிருந்து 9%-க்கு ஏறிய புதிய பிராண்டின் அறிக்கையில் 'உயர்வு 50%' என்றிருக்கும். நம் எண்ணெய் 43-லிருந்து 46-க்கு ஏறியது 'உயர்வு 7%' என்றிருக்கும். இரண்டும் நூற்றுக்கு மூன்று பேர்தான். இரண்டு பிராண்டை, இரண்டு ஆண்டுகளை ஒப்பிடும்போது புள்ளியில் பேசுங்கள்.

தமிழில் கேட்கும்போது சிலவற்றை முன்கூட்டியே சரிபார்க்க வேண்டும். பாட்டிலில் பெயர் ஆங்கில எழுத்தில் இருந்தால், சர்வேயில் தமிழ் எழுத்தில் மட்டும் கொடுக்கும்போது தெரிந்தவரே தெரியாது என்பார். பெயர் 'இயற்கை', 'அன்னை' போல அன்றாடச் சொல்லாக இருந்தால் தெரியாதவரும் தெரியும் என்பார். இதைப் பிடிக்க, சந்தையிலேயே இல்லாத ஒரு கற்பனை பிராண்டின் பெயரையும் பட்டியலில் சேர்க்கலாம். அதை எத்தனை பேர் டிக் செய்கிறார்களோ, அவ்வளவு அடிப்படைச் சத்தம் உங்கள் பிராண்டின் எண்ணிலும் இருக்கும். 'எங்கள் எண்ணெயை வாங்குவீர்களா?' என்று கேட்டால் மரியாதைக்கு ஆம் என்பவர்கள் அதிகம். பல பெயரில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது மேல். இந்தச் சத்தம் இரண்டு குழுவிலும் சமமாக இருப்பதால் உயர்வு இல்லாத இடத்தில் உயர்வைக் காட்டாது. ஆனால் உண்மையான உயர்வை மூழ்கடிக்கும்.

பணத்தை எங்கே வைப்பது

விளம்பரம் முழுக்க இணையத்தில் என்றால் குலுக்கல் கன்ட்ரோல், அறிமுகக் கேள்வி ஒன்றே ஒன்று, குழுவுக்கு 4,400 விடைகள். ஒரே எண்ணிக்கையை மூன்று கேள்விக்குப் பிரித்தால் கேள்விக்கு 1,500-கூட வராது; மூன்றும் சாம்பல் நிறத்தில் வந்து நிற்கும். இரண்டு வீடியோவை ஒப்பிட்டே ஆக வேண்டும் என்றால் வீடியோவுக்கு 4,400 வீதம் தேவை. அதற்குக் கன்ட்ரோல் குழு அவசியமேயில்லை. வீடியோக்களுக்கு இடையிலான கழித்தலில் கன்ட்ரோல் அடிபட்டுப் போய்விடுகிறது. விளம்பரச் செலவு 5 லட்சத்துக்குள் அடங்கும் சிறிய பிராண்டுக்கு இத்தனை விடைகள் கிடைக்காமல் போகலாம். அப்போது சர்வேயை விட்டுவிட்டு, பிராண்ட் பெயரைத் தேடுபவர்களின் எண்ணிக்கையையும் விநியோகஸ்தரிடமிருந்து வரும் வாராந்திர ஆர்டரையும், விளம்பரம் ஓடிய சில மாவட்டங்களுக்கும் ஓடாத சில மாவட்டங்களுக்கும் பிரித்துப் பார்ப்பதே பணத்துக்கு ஏற்ற வழி. கேட்டு வாங்கக்கூடாதது, பார்த்தவர் பார்க்காதவர் ஒப்பீட்டை. அது மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்; 9 என்ற எண்ணை ஒருமுறை கேட்டுவிட்ட நிர்வாகத்திடம் பிறகு 3 என்பதைச் சொல்லிப் புரியவைப்பது மிகக் கடினம்.